கம்பத்தில் மாட்டிய காசுகள்

காலையில் வாசலில் ஒரு ஆண் வண்டியை முடுக்கிவிட்டு நிற்கிறான் என்றால், சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். ‘சீக்கிரம் வந்து தொலை.’ என் அப்பா அப்படித்தான் செய்வார். அம்மா பின்னலை முடிப்பதற்குள் தெருவே கேட்கும்படி வண்டியை உறுமவிடுவார். அம்மா பாதிப் பின்னலோடு ஓடி வந்து பின்னால் ஏறுவாள். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கல்யாணத்தின் மேல் ஆசை விட்டுப்போயிருந்தது.

ஆனாலும் நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. முதல் மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஏற்காட்டு மலையில் நாகலூரைத் தாண்டிக் காப்பிச் செடிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் காப்பி, சவுக்குப் போல நிமிர்ந்த மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. நான் ஏற்காடு டவுனில் ஒரு ஓட்டலில் துணிமணி அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். விரிப்பு, உறை, துண்டு எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் அறைகளுக்குப் போகும். அதில் ஒரு கறை இருந்தால் என் வாயில் அகப்பட்டவர்கள் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள். அப்படி ஒரு வாய்.

அவருக்கோ வாயே கிடையாது. என்னை ‘ஏனுங்க’ என்பார். ‘சாப்பாடு ஆச்சுங்களா’ என்பார். பேங்க் மேனேஜரிடம் பேசுகிற மரியாதையோடு பெண்டாட்டியிடம் பேசினால் என்ன செய்வது? சண்டை போடலாம் என்றால் எதிரில் ஆள் வேண்டுமே.

தினமும் காலையில் நான் சேலை மடிப்பை எடுக்கத் தொடங்கும்போதே வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும். பழைய வண்டி, கமறிக் கமறிப் பிடிக்கும். நான் தலை வாரி, பொட்டு வைத்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வருகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அவர் பக்கத்தில் மப்ளரோடு நிற்பார். நாகலூர் பஸ் நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவார். என்னை வீட்டைவிட்டு அனுப்புவதில் இந்த மனிதனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அந்த நினைப்போடுதான் உட்காருவேன்.

கடைசியில் சேலத்தில் இருக்கிற தம்பிக்குப் போன் செய்தேன். “பழம் பறிக்கிற சமயத்துல போனா ஊர் தப்பாப் பேசும். பறிப்பு முடியட்டும், வந்துர்றேன்” என்றேன். மாடி ரூமை ஒழித்து வைப்பதாகச் சொன்னான். அதற்குப் பிறகு ஒவ்வொரு செடியிலும் காய் சிவக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஓட்டலில் வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். அவளும் சேலம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலுக்கு வருகிறவர்கள் கேட்டால் டாரோ என்கிற பட அட்டைகளைப் போட்டுக் குறி பார்ப்பாள். நான் அவளை எப்போதும் சீண்டுவேன். “ஏங்கண்ணு, கிளியக் காணோம்? சம்பளம் பத்தலன்னு ஓடிப்போச்சா?” என்பேன். அவள் கோபப்பட மாட்டாள்.

ஒரு மத்தியானம் கூட்டம் இல்லை. வெளியே மஞ்சு இறங்கி ஏரியே தெரியவில்லை. இஸ்திரி போட்ட விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “அக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள். என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தம்பி வீட்டு மாடி ரூம் வரைக்கும். பிறகு, “உன் அட்டையத்தான் எடேன். அந்த மனுசனுக்கு எம்மேல ஆசை வருமா வராதான்னு பாத்துச் சொல்லிரு” என்றேன்.

“அப்படிக் கேக்கக் கூடாதுக்கா. அவர் மனச அவர் இல்லாதப்ப நாம தொறந்து பாக்க முடியாது. வரும், வராதுன்னு இது சொல்லவும் சொல்லாது. ‘இந்த உறவு வளர என்ன செய்யோணும்’னு கேளுங்க.”

“கிளியா இருந்தா இவ்வளவு நேரம் ஒரு சீட்ட எடுத்துப் போட்டிருக்கும்” என்றேன். ஆனாலும் அவள் சொன்னபடியே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அட்டைகளைக் கலைத்தேன். எழுபத்தெட்டு அட்டைகள், கைக்குள் அடங்கவில்லை. மூன்று கட்டாகப் பிரிக்கச் சொன்னாள், திரும்பச் சேர்க்கச் சொன்னாள். வெள்ளை விரிப்பின் மேல் ஐந்து அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர், கீழே இதுவரை நடந்தது, நடுவில் எங்களுக்கு இடையே நிற்கிற தடை, மேலே செய்ய வேண்டியது. அட்டையைவிட அது விழுந்த இடம் முக்கியம் என்றாள். ஒரே அட்டை தடையின் இடத்தில் விழுந்தால் ஒரு பேச்சு, வழியின் இடத்தில் விழுந்தால் வேறு பேச்சாம்.

என் இடத்தில் வாளை நிமிர்த்திப் பிடித்த ஒரு ராணி. “நெசத்த நெசமாச் சொல்றவங்க. தனியா நின்னு பழகுனவங்க. வார்த்தை வெட்டும்” என்றாள். என்னோடு துணி அடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

அவர் இடத்தில் கையில் காசு வைத்திருந்த ஒரு குதிரைவீரன். இந்த அட்டைக்கட்டில் நான்கு குதிரைவீரர்கள் உண்டு என்றும், மற்ற மூவரின் குதிரைகளும் ஏதோ ஒரு நடையில் இருக்கும், இவனுடையது மட்டும் நின்றுகொண்டே இருக்கும் என்றும் சொன்னாள். “மெதுவான ஆளு. ஆனா வர்றேன்னா வருவாரு.”

“நின்ன குதிரை எங்க வரும்?” என்றேன்.

கீழே கவிழ்ந்து கொட்டிக் கிடந்த கோப்பைகளும், கறுப்புப் போர்வையில் தலை குனிந்து நின்ற ஒரு ஆளும். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கொட்டாமல் நிற்கின்றன. அவன் அதைப் பார்க்கவில்லை. அது யாருடைய துக்கம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு ஒன்று இருந்தது, பாதிப் பின்னலோடு ஓடும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்கும் ஒன்று இருந்தது. நடுவில், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மார்பின் மேல் இரண்டு வாள்களைக் குறுக்கே பிடித்தபடி உட்கார்ந்திருந்த பெண்.

கடைசியாக மேலே இருந்ததைத் திருப்பினாள். ஒரு ஆள் பலகையில் குந்தி உளியும் சுத்தியலுமாக ஒரு காசின் மேல் நட்சத்திரம் செதுக்கிக்கொண்டிருந்தான். முடித்த காசுகள் பக்கத்துக் கம்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டியிருந்தன. ஊர் எங்கேயோ தூரத்தில் தெரிந்தது. அவன் கண் வேலையைவிட்டு அசையவில்லை.

“காசு வருதா?” என்றேன். எங்கள் பக்கம் காசைக் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

“எல்லாரும் இதத்தான் கேப்பாங்க” என்று சிரித்தாள். “காசுன்னா இந்தக் கட்டுல மண்ணு, ஊடு, ஒடம்பு, கையால செய்யற வேலை. இது எட்டுக் காசு. பாருங்க, ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்யறான். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கை தேறுது. உறவப் பத்திக் கேட்டு, வழியோட எடத்துல இது வந்தா, ஒரே நாள்ல நடக்காதுன்னு அர்த்தம்க்கா. தெனமும் கொஞ்சம் செய்யோணும். நொம்பச் சின்னதா இருந்தாலும் செய்யோணும்.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “இன்னும் நானே செய்யணுமா? நல்லா இருக்கு உன் அட்டை. மாமியார் எழுதுனாங்களா இத?” என்றேன்.

“நீங்கதான்னு அது சொல்லலியே. ரெண்டு பேருக்கும் நடுவுல செய்ய வேண்டியதுன்னுதான் வெச்சோம்.”

திட்டிவிட்டேனே தவிர, அந்தக் குந்தியிருந்த ஆள் மனதைவிட்டுப் போகவில்லை. நல்ல வேலைக்காரனை எனக்குப் பிடிக்கும். பறிப்பு முடிகிற வரைக்கும்தானே, செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன். காலையில் சீக்கிரம் எழுந்து பாலைச் சுண்டக் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, நுரை பொங்க அவருக்குக் காப்பி கொடுத்தேன். சட்டைகளுக்கு ஓட்டல் விரிப்பு மாதிரி மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டேன். அடுப்படியைத் தேய்த்தேன். அடுப்போரமாக ஒரு ஆணியில் பழைய பனியன் துணி ஒன்று எப்போதும் தொங்கும். அழுக்குத் துணிக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்று அதைத் தூக்கி எறிந்தேன். மறுநாள் அதே ஆணியில் வேறொரு துணி தொங்கியது. அதையும் எறிந்தேன். மூன்றாவதும் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியிலும் பாதியை டம்ளரிலேயே வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் அல்ல, தினமும்.

வண்டிச் சத்தமும் நிற்கவில்லை.

செடிகளில் பழம் சிவந்து பறிப்பு தொடங்கிவிட்டது. ஒரு நாள் ஓட்டலுக்குப் போனதும் நேராக வரவேற்பு மேசைக்குப் போனேன். “இன்னொரு தடவ போடு. உன் அட்டை பொய் சொல்லுது” என்றேன்.

“அதே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் போட்டா, நமக்குப் பிடிச்ச அட்டை வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்போம்க்கா. ஏதாச்சும் மாறியிருந்தா போடலாம். என்ன மாறுச்சு?”

“ஒண்ணும் மாறல. நானும் மாடு மாதிரி செய்யறேன். பாதிக் காப்பிய அப்படியே வெச்சுட்டுப் போறாரு.”

அவள் கட்டைப் பிரித்து, அந்த எட்டுக் காசு அட்டையை மட்டும் தேடி எடுத்தாள். என் முன்னால் வைத்தாள். பிறகு விரலால் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். செதுக்குகிறவன் தலை கீழே தொங்கினான்.

“தலகீழா வந்தாலும் இதே ஆளு, இதே சுத்தியல். ஆனா கடனேன்னு அடிக்கறான். அடிச்சது சரியா வந்துச்சான்னு பாக்கறதில்ல. நேத்து அடிச்ச அதே தப்ப இன்னைக்கும் அடிக்கறான்.” நிமிர்த்தி வைத்தாள். “நேரா இருக்கறப்ப அவன் கண்ணு எங்க இருக்கு பாருங்க. பாதிக் காப்பி ஏன் மிச்சமாகுதுன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அவ்வளவு நீள வாயால் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் அவர் டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டேன். “காப்பில என்ன கொறை?”

அவர் திகைத்துப்போனார். “கொறை ஒண்ணுமில்லீங்க.”

“பின்ன ஏன் பாதி?”

டம்ளரை ஓரமாக நகர்த்தினார். “பால் நமக்குச் சேராதுங்க. வயிறு பொருமிக்கும். சின்னதுல இருந்தே கடுங்காப்பிதான்.”

“மொதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க ஆசையாப் போட்டது. முச்சூடும் வெச்சா மனசு சங்கடப்படுமேன்னு பாதி குடிச்சனுங்க.”

வயிற்றுவலியோடு இத்தனை நாள் பாதிப் பாதியாகக் குடித்திருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். அடுத்த நாள் வெல்லம் தட்டிப் போட்டுக் கடுங்காப்பி வைத்தேன். டம்ளர் காலியாக வந்தது. காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாவதையும் மறந்து நின்றேன். வாசலில் வண்டி உறுமியது. ‘சரி, இதற்கு மட்டும் அவசரம்’ என்று எரிச்சலோடு கிளம்பினேன்.

பறிப்பு முடியப் போகிற சமயம். தம்பி போன் செய்து, ரூமுக்கு வெள்ளையடித்துவிட்டதாகச் சொன்னான். என் துணிகளில் பாதியைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன்.

ஒரு காலையில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. சேலை மடிப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காதுகொடுத்து நின்றேன். உள்ளே போய்ப் பார்த்தால், கம்பளிக்குள் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றி கொதித்தது. நாகலூருக்குப் போய் மாத்திரை வாங்கி வரலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன். சேலத்தில் வண்டி ஓட்டின கைதான்.

சீட் முழுக்க மஞ்சுத் தண்ணீர், பிழியலாம் போல. முந்தானையால் துடைத்தேன், முந்தானை நனைந்தது. மிதித்தேன். நாலைந்து மிதிக்குப் பிறகு பிடித்தது. சட்டென்று கிளம்பி வீட்டை ஒட்டிய மேட்டில் ஏறினேன். பாதி மேட்டில் வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னால் உருண்டது. பிரேக்கைப் பிடிப்பதற்குள் காப்பிச் செடிக்குள் சாய்ந்தேன். முழங்கால் சிராய்த்தது. மறுபடி மிதித்தால் ஒன்றுமில்லை. தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். கையில் அந்தப் பனியன் துணி.

“வண்டி சூடாவாம மேடு ஏறாதுங்க. இந்தக் குளுருக்கு நொம்ப நேரம் ஓடோணும். நா எந்திரிச்சிருக்கோணும். அடி பட்டிருச்சுங்களா?”

நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அது எதுக்கு?”

“சீட் தொடைக்கறதுங்க. அடுப்புக்கிட்ட போட்டு வெச்சாத்தான் காலைல காஞ்சிருக்கும். வெளிய போட்டா அதும் ஈரமாயிரும். நீங்க ஈரத்துல உக்காந்து போனா நாள் முச்சூடும் ஓட்டல்ல ஈரத்தோட நிக்கோணும்.”

“தெனமும் அதுக்குத்தானா முன்னாடியே வண்டிய ஓடவிடறது?”

“வேற எதுக்குங்க? மேட்டுல நின்னுபோச்சுன்னா நீங்க பஸ்ஸ உட்டுருவீங்க.”

“எனக்கு அவசரம் காட்டறீங்கன்னு நெனச்சேன்.”

அவருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. “எனக்கென்னுங்க அவசரம்” என்றார். “மெதுவாத்தான் வாங்களேன்.”

வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். முழங்கால் வலிக்கிறது என்று நினைத்து அவர் மஞ்சள் எடுக்க உள்ளே போனார். நான் தடுக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, நான் எழுவதற்கு முன்பே எழுந்து, எனக்காகத் துணியைக் காய வைத்து, சீட்டைத் துடைத்து, வண்டியைச் சூடாக்கி, குளிரில் நின்றிருக்கிறார். ஒரு நாளும் விடவில்லை. இத்தனை காசுகளைக் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் என்னைத் துரத்துவதாக எண்ணிப் பஸ்ஸில் போயிருக்கிறேன். துணியை வேறு இரண்டு தடவை எறிந்திருக்கிறேன்.

அவருக்குக் காய்ச்சல் தணிந்து நான் வேலைக்குப் போன அன்று, அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மறுபடி அந்த எட்டுக் காசு அட்டையை எடுத்து வைத்தாள். பிறகு, “அவன் நிமிந்து கம்பத்தப் பாக்கறதில்லக்கா. பக்கத்துல இருக்கறவங்கதான் பாக்கோணும். நடுவுல கண்ணக் கட்டிக்கிட்டு ஒருத்தி வந்தாளே, அப்பவே நான் அதச் சொல்லியிருக்கோணும். இப்ப மாறியிருக்கு, வேணும்னா போட்டுப் பாக்கலாம்” என்றாள்.

“வேண்டாங்கண்ணு” என்றேன்.

தம்பிக்குப் போன் செய்து அந்த மாடி ரூமை வாடகைக்கு விடச் சொன்னேன். வெள்ளையடித்த செலவைப் பற்றிக் கொஞ்சம் முனகினான்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் காதல் பொங்கி வழிந்தது என்று எழுதினால் அவரே நம்ப மாட்டார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கடுங்காப்பி போட்டேன். வெல்லம் கூடிவிட்டால் அவர் சொல்லப் பழகினார், முதலில் தயங்கித் தயங்கி. பின்னால் நேரடியாகவே, “இன்னைக்குப் பாயாசமுங்களா?” என்று கிண்டல் செய்கிற அளவுக்கு வந்தார். நான் கத்துவதற்கு முன்னால் கேட்கப் பழகினேன். சில நாள் மறந்து கத்தினேன். மழைக்காலத்தில் வண்டியின் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் மனைவியைப் பற்றி அவராகவே ஒரு மாலையில், மிளகு உதிர்த்துக்கொண்டிருக்கும்போது பேசினார். அப்படிப் பேச அவருக்குச் சில வருடங்கள் பிடித்தன. நடுவில் அந்த வரவேற்புப் பெண் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனாள். போகும்போது அவளுக்கு இரண்டு உறைகள் தைத்துக் கொடுத்தேன், அட்டைக்கட்டு வைக்க ஒன்று, வேறு எதற்காவது ஒன்று.

அவர் போனது மிளகுக் காலத்தில். ஏணியிலிருந்து இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவர் குடித்து வைத்த டம்ளர் அடுப்படியில் காலியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தம்பி பெண்டாட்டி எனக்குத் துணையாக வீட்டில் தங்கியிருந்தாள். சேலத்துக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பினேன். ஆணியிலிருந்து துணியை எடுத்தேன், காய்ந்திருந்தது. அவர் போன அன்றும் யாரோ அதை அங்கே போட்டிருக்க வேண்டும், நானாகத்தான் இருக்கும். வெளியே மஞ்சு. சீட்டைத் துடைத்தேன். சோக்கை இழுத்து மிதித்தேன். கமறிக் கமறிப் பிடித்தது. அதை ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

சத்தம் கேட்டுத் தம்பி பெண்டாட்டி தலைமுடியை முடிந்துகொண்டே ஓடி வந்தாள். “என்னங்க அண்ணி, இவ்வளவு அவசரமாக் கெளம்பிட்டீங்க? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்ல?”

“அவசரம் ஒண்ணுமில்ல” என்றேன். “சூடாகட்டும்னு நிக்கறேன்.”